லைக்ரா துணியை ஒரு நாள் ரிலாக்ஸ் செய்து வெட்டுவது பற்றி

கட்டிங், ஸ்டோர் பிரிவு அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறக்கிற திங்கள்கிழமையிலிருந்து, லைக்ரா கலந்த துணியை ரோல் பிரித்த கையோடு லே போடாமல், 24 மணி நேரம் ரேக்கில் ரிலாக்ஸ் ஆக விட்டு மறுநாள் வெட்டப் போகிறோம். முழுக் காட்டன் துணிக்கு இப்போது எப்படிச் செய்கிறோமோ அப்படியே தொடரும்.

இதை நோட்டீஸ் போர்டில் ஒரே வரியில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் டேபிள் வேலையின் வரிசையே மாறுகிறது, பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்குக் கூலிக் கணக்கையும் தொடுகிற விஷயம். காரணம் தெரியாமல் செய்யச் சொன்னால் யாருக்குமே மனசு ஒப்பாது.

இப்போது ஓடுகிற லேடீஸ் டீ-ஷர்ட் ஸ்டைலை எல்லோருக்கும் தெரியும். 95 காட்டன், 5 லைக்ரா. பாடி லென்த் 66 செ.மீ. வர வேண்டும், ஒரு செ.மீ. கூடலாம், குறையலாம். செக்கிங்கில் 64, 64.5 என்று வந்துகொண்டே இருந்தது. முதலில் எல்லோர் கண்ணும் கட்டிங் பக்கம் திரும்பியது நிஜம். அதற்கு நம் கட்டிங் மாஸ்டர் அண்ணன் யாரிடமும் வாக்குவாதம் செய்யவில்லை. காலையில் வெட்டிய பண்டில் ஒன்றை எடுத்து, மேலே பேட்டர்னை வைத்துக் காட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது. அதே பண்டிலை அப்படியே வைத்திருந்து மறுநாள் பேட்டர்னை வைத்தார். கீழே ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. வெட்டு சரிதான், வெட்டிய பிறகு துணி உள்ளே போயிருக்கிறது.

அன்று சாயங்காலமே ஒரு புது ரோலைப் பிரித்து, நீளவாக்கில் 50 செ.மீ. அளந்து மார்க்கரால் இரண்டு கோடு போட்டு வைத்தோம். மறுநாள் அதே கோடுகளுக்கு நடுவே 48.5 இருந்தது. நூற்றுக்கு மூன்று. 66 செ.மீ. பாடியில் அது கிட்டத்தட்ட 2 செ.மீ., அதாவது செக்கிங்கில் விழுந்த அதே குறை.

ஸ்டென்டரில் ஓட்டும்போதும் ரோல் சுற்றும்போதும் துணி நீளவாக்கில் இழுபட்டே வருகிறது. பின்னல் வளையங்கள் நீண்டு கிடக்கின்றன. சுற்று இறுக்கமாக இருக்கும்வரை அப்படியே நிற்கும். பிரித்ததும், இழுத்துப் பிடித்த எலாஸ்டிக்கை விட்டது போல லைக்ரா தன் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரே நிமிஷத்தில் திரும்பினால் நமக்குப் பிரச்சினையே இல்லை. மணிக்கணக்கில் மெதுவாகத் திரும்புகிறது. அதற்குள் நாம் வெட்டி, நம்பர் போட்டு, லைனுக்கே அனுப்பிவிடுகிறோம்.

இதனால் அடி வாங்குவது கடைசியில் இருப்பவர்கள்தான். ஓவர்லாக்கில் முன்பக்கமும் பின்பக்கமும் ஜோடி சேராமல் டெய்லர் ஒன்றை இழுத்துப் பிடித்துத் தைக்கிறார். அயர்னிங் அக்காக்கள் ஸ்டீமை விட்டு, ஹெம்மை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். டேப்பில் 66 காட்டும். பெட்டிக்குள் போய் இரண்டு நாள் இருந்தால் மறுபடி 64 ஆகிவிடும். பையர் பெட்டியைப் பிரித்து அளக்கும்போது அந்த அக்காவின் உழைப்பு கணக்கில் வராது.

இனி நடைமுறை. மாலை நான்கு மணிக்கு மேல், மறுநாள் அதே நேரத்துக்குப் பிறகு வெட்ட வேண்டிய ரோல்களை ஸ்டோர் தம்பிகள் இரண்டு பேர் பிரித்து ரேக்கில் தட்டுத் தட்டாக மடித்துப் போடுவார்கள். இது கட்டிங் ஆட்களின் தலையில் விழாது. அடுக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் மேலே இருக்கிற பாரத்தில் அடித்துணி அசையாது, ரிலாக்ஸ் செய்தும் பலன் இல்லை. தூசியும் பஞ்சும் படியாமல் மேலே பழைய கிரே துணி போர்த்தலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சீட்டு: ரோல் நம்பர், லாட் நம்பர், பிரித்த நேரம். அவ்வளவுதான், புதுப் புத்தகம் எதுவும் போடவில்லை. இருக்கிற ரெஜிஸ்டர்களை எழுதி முடிக்கவே நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அகலத்தை ரிலாக்ஸ் ஆன பிறகு அளந்து மார்க்கர் போடச் சொல்லியிருக்கிறோம். இப்போது ரோல் பிரித்ததும் ஓர் அகலம், லே போடும்போது வேறு அகலம் என்று மார்க்கர் இரண்டு தடவை ஓடுகிறதே, அந்தத் தொல்லை குறையும் என்று நினைக்கிறேன்.

அவசர ஆர்டர் வந்தால்? 24 மணி நேரம் ஆகாமல் வெட்டலாமா என்பதை நானோ மெர்ச்சன்டைசரோ சொல்லப் போவதில்லை. 50 செ.மீ. கோட்டை அளந்து பார்த்து, அளவு நின்றுவிட்டது என்று கட்டிங் மாஸ்டர் அண்ணன் சொன்னால் வெட்டலாம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஷிப்மென்ட் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டியது என் வேலை.

கூலி விஷயம். முதல் திங்களன்று டேபிள் சும்மா நிற்கக் கூடாது என்று காட்டன் ஸ்டைல் ஒன்றை அன்றைக்கு வைத்திருக்கிறோம். அதற்கு மேலும் ரிலாக்ஸுக்காக டேபிள் காத்திருக்க நேர்ந்தால், அந்த நேரத்துக்கு உங்கள் முந்தைய நான்கு வாரச் சராசரிக் கூலி கணக்கில் சேரும். முதலாளி ஒப்புக்கொண்டு அக்கவுன்ட்ஸில் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமைச் சம்பளத்தில் குறை தெரிந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

லைக்ரா துணியை ரிலாக்ஸ் செய்வது என்பது முடிவு செய்ததுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன முறை எல்லாம் நாங்கள் உட்கார்ந்து யோசித்தது. ரேக் இந்த இடத்தில் வேண்டாம், இரண்டு பேர் போதாது, இந்தத் துணிக்குப் பாதி நாளே போதும் என்று வேலை செய்கிற உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தோன்றியதைச் சீட்டின் பின்பக்கமே எழுதிப் போடுங்கள், வாயால் சொன்னாலும் சரி. தீபாவளி வாரத்தில் போனஸ் பேச்சைத் தவிர எதுவும் காதில் ஏறாது என்பதால், அதற்கு முந்தைய வாரச் சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன் அரை மணி நேரம் எல்லோரும் உட்காரலாம். அளவு சீட்டுகளை டேபிளில் வைத்துப் பார்ப்போம். பலன் இல்லை என்று தெரிந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு இதை நாளை காலை பெல் அடித்ததும் கட்டிங் சூப்பர்வைசர் இந்தியில் சொல்வார். தமிழ் படிக்கச் சிரமப்படும் யாரும் பக்கத்தில் நின்று கேட்கலாம்.

ரேக்குகள் நாளை மறுநாள் மதியம் வருகின்றன. எந்தப் பக்கம் நிறுத்தினால் ட்ராலி தடையில்லாமல் திரும்பும் என்று பார்த்துச் சொல்ல, டேபிளுக்கு ஒருவர் நான்கு மணி டீக்கு முன் ஸ்டோர் வாசலுக்கு வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
புரொடக்‌ஷன் மேனேஜர்