மஞ்சத் துணி

ஸ்டுட்கார்ட் வந்த நாலாம் நாள், குளியலறை மூலையில் இருந்த அந்த வெள்ளைப் பெட்டியின் முன்னால் ஆச்சி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மகன் ஆபீஸ் போயிருந்தான். மருமகள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, அழுக்குத் துணிகளை உள்ளே திணித்துப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டாள். ஆச்சி அவிழ்த்துப் போட்ட சேலையும் அதற்குள்தான் கிடந்தது. ஈஸ்டர் லீவில் வீட்டிலிருந்த பேரன் மட்டும் பக்கத்தில்.

"இந்தத் துளியூண்டு தண்ணியிலயால இம்புட்டுத் துணியும் அலசுது?"

குறுக்குத்துறைப் படித்துறையில், இடுப்பளவு தாமிரபரணியில் நின்று துவைத்தவள் அவள். எந்தத் துணி எத்தனை அடி தாங்கும், எந்தச் சுங்குடிச் சேலை சாயம் விடும் என்பதெல்லாம் தொட்ட உடனே கைக்குத் தெரிந்துவிடும்.

"அடிக்காமலே அழுக்குப் போயிருமா?"

"சுடுதண்ணி ஆச்சி, 40 டிகிரி. துணி மேல போய்த் தொப்புனு கீழ விழுதுல்லா? அதான் அடி."

ஆச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று உள்ளே டக், டக் என்று காசு மோதும் சத்தம். ஆச்சியின் கை முந்தியைத் தேடியது. கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"தண்ணி கிடக்கும்போது தொறக்காது ஆச்சி. இன்னும் 2 மணி நேரம் ஆகும். அம்மாவ எழுப்பவா?"

"வேண்டாம்யா. விடிய விடிய முழிச்சவ."

எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பெட்டி கிடுகிடுவென்று ஆடியபோது இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்த சத்தம் கேட்டு மருமகள் எழுந்து வந்தாள். கதவைத் திறந்தால் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் திட்டுத் திட்டாக மஞ்சள்.

"ஐயோ அத்தை, அவுக சட்டை!"

"இந்த வீட்டுல வெயில் எங்கன விழும்?"

பால்கனியில் நல்ல வெயில். ஆச்சி சட்டைகளை ஈரத்தோடு உதறி, கறை வெயிலைப் பார்க்கும்படி விரித்தாள். சோப்புக்கு மசியாத மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருமகள் உருளைக்குள் துழாவி, அவிழ்ந்து கிடந்த மஞ்சத் துணியையும் ஒரு ரூபாயையும் எடுத்தாள்.

"இது என்ன அத்தை?"

"சாஸ்தாவுக்கு முடிஞ்சது. ஒனக்கு இந்த ஊரு நர்சு பரீட்சை பாஸாகணும்னு."

"பாஸாகி ஆறு மாசம் ஆச்சே!"

"பங்குனி உத்திரத்துக்குப் போய்ச் சேத்துருக்கணும். அதுக்குள்ள விசா வந்துட்டு, கையோட கொண்டாந்துட்டேன்."

மருமகள் ஒன்றும் சொல்லாமல் காசைத் துடைத்து, அதே துணியில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

மத்தியானத்துக்குள் சட்டைகளில் மஞ்சள் பாதி வெளுத்திருந்தது.

"நாளைக்கும் காயட்டும், சரியாப் போயிரும். நீ போய்த் தூங்கு. மிச்சத் துணிய நான் போடுதேன். எந்தப் பொத்தான்னு மட்டும் காட்டு."