ஜேமியை ஏன் இப்படிக் கைவிட்டார்கள்?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2019-இல் முடிந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எல்லோரும் டெனேரிஸைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை உடைத்தது ஜேமி.

மூன்றாம் சீசனில், குளிக்கும் இடத்தில் பிரியேனிடம் அவன் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அரசன் ஊரையே கொளுத்தச் சொன்னான். அதைத் தடுக்கத்தான், அரசனைக் காப்பேன் என்ற சத்தியத்தை மீறி ஜேமி அவனைக் கொன்றான். மன்னனைக் கொன்றவன் என்ற பழியை வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் சுமந்தான். அதே ஆள் எட்டாம் சீசனில், அந்த ஊர் மக்கள்மீது தனக்கு என்றுமே பெரிய அக்கறை இருந்ததில்லை என்கிறான்! இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சியிடம் திரும்பிப் போனதைக்கூட ஏற்பேன். பழைய பாசம் இழுக்கும். ஆனால் அந்த ஒரு வசனம் அவனுடைய வாழ்க்கையையே பொய்யாக்குகிறது.

சரி, டெனேரிஸ்? ஒரு குழந்தை செத்ததற்காகத் தன் டிராகன்களையே சங்கிலியில் கட்டியவள் அவள். அவள் நகரத்தை எரிப்பவளாக மாறலாம், மறுக்கவில்லை. அந்த மாற்றத்தை ஆறே எபிசோடுள்ள கடைசி சீசனில் திணித்ததுதான் அநியாயம்.

அப்புறம் பிரான். தன்னால் எதற்கும் பிரபுவாக இருக்க முடியாது என்றவனுக்கு மகுடம். அவன் என்ன சொன்னான் என்பதை எழுதியவர்களே மறந்துவிட்டார்கள்.