பகுதிநேர முதுநிலைப் படிப்புக்கான தடையின்மைச் சான்று

ந.க. எண்: ம.வ/த.சா/47/2025
நாள்: 12.06.2025

அனுப்புநர்
தலைவர்,
மனிதவளத் துறை,
நீர் மற்றும் கழிவுநீர்ப் பரிசோதனை ஆய்வகம்.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.
(வழி: துறைத் தலைவர், சுற்றுச்சூழல் பொறியியல் துறை)

பொருள்: முதுநிலை வேதியியலாளர் திருமதி ம. கயல்விழி பகுதிநேரமாக முதுநிலைப் பொறியியல் (சுற்றுச்சூழல் பொறியியல்) பயில ஆய்வகத்துக்கு ஆட்சேபணை இல்லை எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. திருமதி ம. கயல்விழியின் விண்ணப்பம், நாள் 26.05.2025.
2. ஆய்வகத் தலைமை வேதியியலாளரின் பரிந்துரைக் குறிப்பு, நாள் 04.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருமதி ம. கயல்விழி (பணியாளர் எண் 318) 03.09.2019 முதல் எங்கள் ஆய்வகத்தில் முழுநேர, நிரந்தரப் பணியில் இருக்கிறார். தற்போது கழிவுநீர்ப் பிரிவில் முதுநிலை வேதியியலாளர். அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை. தங்கள் பல்கலைக்கழகத்தில் ஜூலை 2025 முதல் ஜூன் 2028 வரை, ஆறு பருவங்கள் கொண்ட மேற்கண்ட படிப்பில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்து பயில அவருக்கு முழு மனதுடன் அனுமதி அளிக்கிறோம். இதில் எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

அனுமதி தந்துவிட்டு, வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டால் இந்தச் சான்றுக்குப் பொருள் இல்லாமல் போகும். அதனால் எங்கள் தரப்பில் செய்திருக்கும் ஏற்பாடுகளையும் இங்கேயே எழுத்தில் தருகிறோம். பல்கலைக்கழகம் இவற்றை நம்பித் திட்டமிடலாம்.

தாங்கள் அனுப்பிய கால அட்டவணைப்படி வகுப்புகள் திங்கள் முதல் வியாழன் வரை மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலும், செய்முறை வகுப்பு சனிக்கிழமை பிற்பகலிலும் நடைபெறுகின்றன. எங்கள் வழக்கமான வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5.30 வரை. வகுப்புள்ள நாட்களில் திருமதி கயல்விழியின் நேரத்தைக் காலை 8 முதல் மாலை 4.30 வரை என மாற்றியிருக்கிறோம். மொத்த வேலை நேரம் குறையாததால் ஊதியத்திலோ பணிமூப்பிலோ எந்த மாற்றமும் இராது. சனிக்கிழமை அவருக்கு நண்பகல் வரை மட்டுமே பணி.

நேரத்தை மாற்றுவதால் மட்டும் தீராத ஒரு சிக்கல் எங்கள் வேலையில் உண்டு. கழிவுநீரின் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவையை அளக்க, மாதிரியை 20 டிகிரி செல்சியஸில் இன்குபேட்டருக்குள் ஐந்து நாள் வைத்து, ஐந்தாம் நாள் முடிவில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க வேண்டும். பரீட்சை இருக்கிறது என்பதற்காக அதை ஆறாம் நாளுக்குத் தள்ள முடியாது. தள்ளினால் அந்த எண்ணை அறிக்கையில் எழுத முடியாது. திங்களன்று வைத்த புட்டிகளைச் சனிக்கிழமை ஒருவர் எடுத்தே ஆக வேண்டும். இதுவரை அந்தப் பொறுப்பு பெரும்பாலும் திருமதி கயல்விழியிடமே இருந்தது. இனி செய்முறை வகுப்பும் தேர்வும் குறுக்கிடும் நாட்களில் கழிவுநீர்ப் பிரிவின் மற்றொரு வேதியியலாளர் அளவீட்டை எடுப்பார். அவருக்கான பயிற்சி இம்மாத இறுதிக்குள் முடிந்துவிடும். பருவத் தொடக்கத்திலேயே தேர்வு அட்டவணை எங்களுக்குக் கிடைத்தால், புட்டிகள் வைக்கும் நாளையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். தங்களிடம் எங்கள் ஒரே வேண்டுகோள் இதுதான்.

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் 10 வேலை நாட்கள் ஊதியத்துடன் கூடிய படிப்பு விடுப்பு வழங்கப்படும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஈட்டிய விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வகுப்பு நடக்கும் மாலைகளில் அவசர மாதிரி வந்தால் முறைப்பணியில் இருக்கும் வேதியியலாளரே அதைக் கையாள்வார். குடிநீர் ஆதாரத்தில் நச்சுக்கழிவு கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் மட்டும் திருமதி கயல்விழியை அழைப்போம். அப்படி அழைத்தால் அடுத்த வேலை நாளுக்குள் தங்கள் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிப்போம். இதைத் தவிர வேறு எதற்காகவும் வருகைப்பதிவில் சலுகை கேட்டு நாங்கள் கடிதம் தரமாட்டோம். வகுப்பில் அமர்ந்து படித்தே அவர் பட்டம் பெற வேண்டும் என்பதில் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அக்கறை எங்களுக்கும் உண்டு.

படிப்புக் கட்டணத்தை மாணவரே செலுத்துகிறார். நிறுவனம் அதில் பங்கேற்காததால், படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு எங்களிடமே பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தப் பிணை எதையும் நாங்கள் கேட்கவில்லை, பின்னாளிலும் கேட்கமாட்டோம். பட்டம் பெற்றதும் பதவி உயர்வு தானாகக் கிடைக்கும் என்ற உறுதியும் இதில் இல்லை. ஆனால் பட்டம் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, அடுத்த பதவி உயர்வுப் பரிசீலனையில் தகுதியாகக் கொள்ளப்படும்.

கடைசி இரு பருவங்களின் ஆய்வுத் திட்டத்துக்கு எங்கள் ஆய்வகக் கருவிகளை அலுவல் நேரத்துக்குப் பின் பயன்படுத்திக்கொள்ளலாம். வேதிப்பொருள் செலவை ஆய்வகமே ஏற்கும். சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் அவருக்கு இருக்கும் ஆர்வத்தை நாங்கள் அறிவோம். அந்த ஆய்வு எங்கள் அன்றாட வேலைக்கும் நேரடியாகப் பயன்படும். இதில் கவனம் தேவைப்படுவது ஆய்வுத் தரவு. எங்களிடம் பரிசோதனைக்கு வரும் மாதிரிகளின் முடிவுகள் வாடிக்கையாளர்களுக்கு உரியவை. வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்று, ஆலையின் பெயரோ இடமோ தெரியாதபடி மாற்றிய பிறகே அவற்றை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும். பெயரை மறைத்துவிட்டால் போதும் என எண்ணிவிட முடியாது. கழிவுநீரின் அளவு, நிறம், உப்புச் செறிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆலையை அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆகவே ஆய்வேட்டையோ கட்டுரையையோ ஒப்படைக்கும் முன் எங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். 15 வேலை நாட்களுக்குள் பதில் அளிப்போம். அதற்குள் பதில் வராவிட்டால் அவர் ஒப்படைக்கத் தடையில்லை. எங்கள் இந்தச் சரிபார்ப்பு வாடிக்கையாளர் தரவு பற்றியது மட்டுமே. ஆய்வின் முடிவுகள் எங்களுக்குச் சாதகமாக இல்லை என்பதற்காக எதையும் நீக்கச் சொல்லமாட்டோம். ஆய்வேட்டின் பதிப்புரிமை எங்களைச் சேராது.

படிப்புக் காலம் முடியும்வரை திருமதி கயல்விழியை வேறு ஊருக்கு மாற்றும் எண்ணம் இல்லை. தவிர்க்க முடியாத நிலை வந்தால், நடந்துகொண்டிருக்கும் பருவம் முடிந்த பிறகே மாற்றுவோம். அதற்கு மூன்று மாதம் முன்னதாகத் தங்களுக்கும் தெரிவிப்போம். அவர் பணியிலிருந்து விலகினால் இச்சான்று அன்றுடன் முடிவடையும். அத்தகவலைத் தங்களுக்கு அனுப்புவது தவிர, அவருடைய சேர்க்கையில் நாங்கள் தலையிடமாட்டோம். மற்றபடி இச்சான்று 30.06.2028 வரை செல்லும். ஆய்வேட்டுக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டால், தங்கள் துறைத் தலைவரின் கடிதத்தின்பேரில் ஓராண்டு வரை நீட்டிக்கப்படும்.

சான்றின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க விரும்பினால் மேற்கண்ட ந.க. எண்ணைக் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதலாம்.

தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
இரா. செல்வநாயகம்
தலைவர், மனிதவளத் துறை
(அலுவலக முத்திரை)

பணியாளரின் உறுதிமொழி:
மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பருவத்தின் தேர்வு அட்டவணையையும் கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஆய்வகத்துக்குத் தருவேன். வாடிக்கையாளர் தரவை ஒப்புதலின்றிப் பயன்படுத்தமாட்டேன். படிப்பை இடையில் நிறுத்தினாலோ தற்காலிகமாக விலகினாலோ உடனே தெரிவிப்பேன்.

(ஒப்பம்)
ம. கயல்விழி
12.06.2025

நகல்:
தலைமை வேதியியலாளர் – முறைப்பணி அட்டவணையை 01.07.2025 முதல் திருத்தி அமைக்க.
ஊதியப் பிரிவு – படிப்பு விடுப்பைக் கணக்கில் சேர்க்க.
பணிப்பதிவேடு.