மலையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: நீலகிரி மாணவர்களுக்கு ஒரு கையேடு

அடுத்த செப்டம்பரில் வெளிநாட்டுக் கல்லூரியில் சேர நினைக்கும் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் இது.

படிக்கும் முன் ஒரு வார்த்தை. இதில் வரும் எந்தத் தொகையையும் விதியையும் நம்பி உடனே பணம் கட்டிவிடாதீர்கள். கனடாவைப் பாருங்கள்: 2024 ஜனவரியில் மாகாண அரசின் சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள்; அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி, நம் பிள்ளைகள் நிறையப் பேர் விண்ணப்பித்துவந்த எஸ்டிஎஸ் என்ற விரைவு வழியையே மூடிவிட்டார்கள். முந்தின வருடம் போன அண்ணன் சொன்னது அவருக்குச் சரி, உங்களுக்குச் செல்லாது. யார் என்ன சொன்னாலும், "இது எந்த அரசுப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பக்கத்தைத் திறந்து பார்த்து, பார்த்த தேதியையும் குறித்து வையுங்கள்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊரில் பாதித் தகராறு இனிஷியலில்தான். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் "கவின் ர", ஆதாரில் "ர கவின்", பாஸ்போர்ட்டில் "கவின் ரங்கன்" என்று ஒரே பையன் மூன்று பேராக இருப்பான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர் என்று முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். அப்படி விட்டால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் `FNU` என்று அச்சாகும். அது தப்பில்லை. ஆனால் அங்கே பேங்க், டிரைவிங் லைசென்ஸ், சம்பளச் சீட்டு என்று எல்லா இடத்திலும் அந்த மூன்றெழுத்து கூடவே வரும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட் எடுப்பது நல்லது.

☐ பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே ஐஇஎல்டிஎஸ், கல்லூரி விண்ணப்பம், கல்விக் கடன் எல்லாவற்றிலும் இருக்கிறதா
☐ பாஸ்போர்ட் படிப்புக் காலம் முடியும் வரை செல்லுமா. செல்லாதென்றால் இப்போதே புதுப்பிக்க
☐ மார்க் ஷீட்டில் பிழை இருந்தால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனு; நாளாகும், இந்த மாதமே கொடுங்கள்
☐ கட்டணமும் ஆவணப் பட்டியலும் `passportindia.gov.in`-இல் மட்டும் பார்க்க. அதே மாதிரிப் பெயரில் போலித் தளங்கள் உண்டு

சான்றிதழ்கள்

ஆடிச் சாரலில் பீரோவுக்குள் இருக்கும் காகிதம்கூடப் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்து மார்க் ஷீட்டை லேமினேட் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். சான்றிதழ் உண்மையானது என்று நம் அரசே உறுதிசெய்து தரும் அப்போஸ்டிலைக் கேட்கும் நாடு என்றால் சான்றிதழின் மேலேயே முத்திரையும் வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டிக்கரும் வர வேண்டும். பிளாஸ்டிக் மேல் அதெல்லாம் நடக்காது. ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? வீட்டில் சூடு காட்டிப் பிரிக்கப் பார்க்காமல் நகல் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். உங்கள் நாடு அப்போஸ்டில் கேட்கிறதா என்பதைக் கல்லூரியிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம்

"ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறதே, பேங்க் தராதா?" என்று கேட்காத வீடு இல்லை. விவசாய நிலத்தை அடமானமாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். கடன் நின்றுபோனால் அதன்மேல் கைவைப்பது சட்டப்படி அவர்களுக்குச் சுலபமில்லை. வீடோ வைப்புத்தொகையோ இருந்தால் பேச்சு எளிது. எதற்கும் கிளை மேலாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வருமானம் காட்ட, பச்சை இலை போட்டதற்கு ஃபாக்டரி தரும் ரசீதுகளை மாத வாரியாக அடுக்கி, இ-சேவையில் வருமானச் சான்றிதழும் எடுத்துவிடுங்கள்.

விசாவுக்காகக் கடைசி வாரத்தில் மாமாவிடம் கைமாற்று வாங்கி அக்கவுண்டில் போட்டுக் காட்டுவது பலிக்காது. பிரிட்டனுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போச்சு. ஜெர்மனிக்கு, மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. இது மாறக்கூடியது, தூதரகப் பக்கத்தில் பாருங்கள்.

பழங்குடி மாணவர்களுக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கு அதில் தனி ஒதுக்கீடும் உண்டு. தகுதியுள்ளவர்களே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவதுதான் வருத்தம். சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்ததும் வயது, வருமான வரம்புகளைச் சரிபாருங்கள்.

நாட்டுக்கு நாடு

☐ அமெரிக்கா: கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததா, அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டியாச்சா. சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்லி 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இப்போதைய நிலையைத் தூதரகப் பக்கத்தில் பார்க்க. வகுப்பு தொடங்க 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள்
☐ பிரிட்டன்: ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் காசநோய்ப் பரிசோதனை. `gov.uk` பட்டியலில் உள்ள மையத்தில்தான் எடுக்க வேண்டும். ஊட்டியில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆகாது
☐ ஜெர்மனி: நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். வருவதற்கு நாளாகும், இதிலிருந்தே தொடங்குங்கள்
☐ ஆஸ்திரேலியா: உண்மையான மாணவர்தானா என்று அறியும் கேள்விகளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள். `immi.homeaffairs.gov.au`
☐ கனடா: `canada.ca`-வைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவர்கள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். நீட் தேர்ச்சி, ஆங்கில வழிக் கல்வி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப் எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைகள் கேட்கின்றன. ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. `nmc.org.in` பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வது தப்பில்லை. விசா கிடைப்பதற்கு உத்தரவாதம் தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்; அது அவர் கையில் இல்லை. மின்னஞ்சல் கணக்கும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும். கட்டணம் கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போகட்டும்.

மலையிறங்கும் கணக்கு

விசா மையம் கோயம்புத்தூரிலா சென்னையிலா என்பது நாட்டைப் பொறுத்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி விழுந்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மண் சரிந்து பர்லியாறு வழி அடைத்தால் கோத்தகிரி வழிதான், அதுவும் நிச்சயமில்லை. கூடலூரிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெட்டி

வர்க்கி, தேயிலைத்தூள், அம்மா கட்டிக்கொடுத்த பொடி எல்லாம் சரி. ஆனால் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம். யூகலிப்டஸ் தைலம் தீப்பிடிக்கும் பொருள், எடுத்துப் போகலாமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

கைப்பையில்:
☐ பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது
☐ அசல் சான்றிதழ்கள் (பெட்டியில் போடவே கூடாது)
☐ மருந்து, அதனுடன் டாக்டர் சீட்டு
☐ பவர் பேங்க்
☐ தங்குமிட முகவரி காகிதத்தில்; இறங்கியதும் போனில் சார்ஜ் இருக்கும் என்று எண்ணாதீர்கள்

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் மாணவராகப் பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணை அப்பா அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.