பில்லுல கூடுதலா வாங்குன பணம்: உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த ஆஸ்பத்திரியோட நிர்வாக அதிகாரி. மார்ச் 3லேருந்து ஏப்ரல் 18 வரைக்கும் இங்க அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆனவங்கள்ல 412 பேர்கிட்ட கட்ட வேண்டியதவிட அதிகமா பணம் வாங்கிட்டோம். தப்பு எங்க மேலதான். உடம்பு சரியில்லாம வந்து படுத்திருந்தவங்ககிட்டயும், ராத்திரி பகலா கூட இருந்து பாத்துக்கிட்டவங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்.

என்ன நடந்துச்சுன்னு மூடி மறைக்காம சொல்லிடறேன். டாக்டர் எழுதற மருந்து, ஊசி, சலைன் பாட்டில் எல்லாத்தையும் வார்டுலேருந்து நர்ஸ் பார்மசிக்கு இண்டென்ட் போட்டு வாங்குவாங்க, வாங்குன உடனே அது நோயாளியோட பில்லுல ஏறிடும். நடுவுல டாக்டர் மருந்த மாத்தலாம், இல்ல நோயாளி சீக்கிரமே வீட்டுக்கு போயிடலாம், அப்ப பிரிக்காம மீதி இருக்கறது பார்மசிக்கு திரும்ப போகும், அதுக்கான தொகை பில்லுல கழியணும். மார்ச் 3ம் தேதி நாங்க புது பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாறுனோம், அன்னைலேருந்து திரும்பி வந்த மருந்து பார்மசி ஸ்டாக்குல மட்டும் கூடுச்சே தவிர நோயாளி பில்லுல கழியவே இல்ல. அங்க ஸ்டாக் கணக்கு சரியா டேலி ஆச்சு, அதனால உள்ள இருக்கற யாருக்கும் எதுவும் உறுத்தல.

சிலருக்கு ரெண்டு மூணு மாத்திரை அட்டையோட விலைதான் கூடிருக்கு. ஆனா ஐசியூல இருந்தவங்களுக்கு அப்படி இல்ல. அங்க விலை கூடுன ஆன்டிபயாடிக் ஊசில ஆரம்பிச்சு, எந்த கிருமின்னு காட்டுற கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் வேற மருந்துக்கு மாத்துறது சகஜம், அப்ப திரும்பி போற மருந்தும் நிறைய இருக்கும். அதாவது ரொம்ப முடியாம இருந்தவங்க குடும்பத்துகிட்டதான் ரொம்ப அதிகமா வாங்கிருக்கோம். இத எழுதறப்ப எனக்கே கூசுது.

இன்னொன்னும் சொல்லியாகணும். மார்ச் கடைசி வாரத்துலயே ஒருத்தங்க இத கண்டுபிடிச்சிட்டாங்க. அம்மாவ டிஸ்சார்ஜ் பண்ண வந்த பொண்ணு, நர்ஸ் கையெழுத்து போட்ட ரிட்டர்ன் சீட்டையும் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, திருப்பி குடுத்தும் கழியாத ஒவ்வொரு ஊசிக்கும் சிவப்பு பேனால வட்டம் போட்டு கவுன்டர்ல காட்டுனாங்க. "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதான் பில்லு"ன்னு பதில் சொல்லி அனுப்பிட்டோம். அவங்க அதோட விடாம எழுத்துலயும் புகார் குடுத்தாங்க, அது என் மேசைக்கே வந்துச்சு, புது சாஃப்ட்வேர் வந்தா கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் புகார் வரும்னு நெனச்சு நான் அத ஓரமா வெச்சிட்டேன். அன்னைக்கே எடுத்து பாத்திருந்தா அதுக்கப்பறம் போன அத்தன பில்லும் சரியா போயிருக்கும். ஏப்ரல் 18ல வார்டு நர்ஸ் இன்சார்ஜ் ஒருத்தர் தன்னோட ரிட்டர்ன் ரிஜிஸ்டர தூக்கிட்டு பில்லிங் செக்‌ஷனுக்கே வந்து ஒவ்வொண்ணா ஒப்பிட்டு காட்டுனப்பறம்தான் எங்களுக்கு உறைச்சுது. அந்த பொண்ண நேர்ல பாத்து மன்னிப்பு கேட்டுட்டேன், இத இங்க எழுதலாமான்னும் கேட்டுட்டுதான் எழுதறேன், பேர் மட்டும் வேணாம்னாங்க.

சாஃப்ட்வேர் கம்பெனிய இதுல இழுக்க எனக்கு விருப்பமில்ல. புது சிஸ்டத்துக்கு மாறும்போது பழசையும் புதுசையும் கொஞ்ச நாள் சேத்து ஓட்டி ரெண்டு பில்லும் ஒண்ணா வருதான்னு பாக்கணும், அத செய்யாமலே ஓகேன்னு கையெழுத்து போட்டது நான். அதனால தயவுசெஞ்சு கவுன்டர்ல உக்காந்திருக்கற பிள்ளைங்கள திட்டாதீங்க, அவங்களுக்கு பில்லுல ஒரு வரிய மாத்தக்கூட அதிகாரம் குடுக்காம வெச்சிருந்ததும் நாங்கதான். கோவம் இருந்தா, அது நியாயமான கோவம்தான், என்கிட்ட வந்து கேளுங்க.

பணம் எப்படி திரும்பி வரும்னா, நீங்க எதுவும் நிரூபிக்க வேண்டியதில்ல, அப்ளிகேஷன் எழுத வேண்டாம், பழைய பில்ல தேட வேண்டாம். அந்த நாட்கள்ல போன ஒவ்வொரு பில்லையும் வார்டு ரிட்டர்ன் ரிஜிஸ்டரோட வெச்சு கையாலயே சரி பாத்தாச்சு. கார்டுல, ஆன்லைன்ல கட்டுனவங்களுக்கு அதே கணக்குக்கு மே 10க்குள்ள வந்துடும், ரொக்கமா கட்டுனவங்களுக்கு நாங்களே போன் பண்ணி எப்படி வேணும்னு கேப்போம். கூடவே திருத்துன பில்லும், எந்த மருந்துக்கு எவ்வளவு கழிஞ்சிருக்குன்னு ஒரு தாளும் வரும். பணத்த வாங்கிட்டா இனி கேள்வி கேக்க மாட்டேன்னு எதுலயும் கையெழுத்து கேக்க மாட்டோம்.

இன்சூரன்ஸ்ல கட்டுனவங்க "நம்ம காசு போகலையே"ன்னு விட்டுடாதீங்க. கூடுதலா போன தொகை உங்க பாலிசி வரம்புலேருந்துதான் போயிருக்கும், அடுத்து ஒரு ஆத்திர அவசரம்னா அந்த அளவுக்கு கவரேஜ் குறையும். திருத்துன பில்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாங்களே அனுப்பிருக்கோம், அவங்க பங்கு அவங்களுக்கு போகும், கோ-பேன்னு உங்க கைலேருந்து கட்டுனதுல கூடுதலா இருந்தா அது உங்களுக்கு வரும். உங்க வரம்பு பழையபடி ஏறிடுச்சான்னு அவங்ககிட்ட ஒரு வாட்டி கேட்டுக்கோங்க, ஏறலைன்னா எங்ககிட்ட சொல்லுங்க, பின்னாடி ஓடறது எங்க வேல. கடன் வாங்கியோ நகைய அடகு வெச்சோ பில் கட்டுனவங்க அந்த விவரத்த சொன்னீங்கன்னா, கூடுதல் தொகைக்கு நீங்க கட்டுன வட்டியையும் சேத்து குடுப்போம்.

எங்ககிட்ட சிகிச்சை எடுத்து இறந்துபோனவங்களோட பில்லும் இந்த 412ல இருக்கு. அந்த வீடுகளுக்கு கவுன்டர்லேருந்து போன் வராது. நானோ, அப்ப பாத்துக்கிட்ட டாக்டரோதான் பேசுவோம், நீங்க எப்ப பேச முடியும்னு சொல்றீங்களோ அப்ப.

ஒரு எச்சரிக்கை, இப்படி ரீஃபண்ட் பேச்சு வெளில வந்தாலே ஏமாத்துறவனுங்களும் கெளம்பிடுவானுங்க. எங்க ஆளுங்க யாரும் ஓடிபி, பின் நம்பர், கார்டு பின்னால இருக்கற நம்பர் கேக்க மாட்டாங்க, லிங்க் அனுப்ப மாட்டாங்க, ஆப் எதையும் போட சொல்ல மாட்டாங்க. அப்படி யாராவது கேட்டா கட் பண்ணிட்டு உங்க டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கற நம்பருக்கு நீங்களே போன் போட்டு கேளுங்க.

யாருக்கு என்ன மருந்து குடுத்தோம்ங்கறது நர்ஸுங்க எழுதற மருந்து சார்ட்ல தனியா இருக்கு, அதுல எந்த குழப்பமும் இல்லன்னு பாத்துட்டோம். இப்போதைக்கு ரிட்டர்ன் சீட்டோட ஒப்பிட்டு ஒருத்தர் கையெழுத்து போடாம எந்த டிஸ்சார்ஜ் பில்லும் வெளில போகாது. இதனால டிஸ்சார்ஜ் கொஞ்சம் லேட்டாகும், பொறுத்துக்கோங்க. வெளில இருக்கற ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட எல்லா கணக்கையும் குடுத்திருக்கோம், அவர் ரிப்போர்ட்ட அப்படியே வெளியிடுவோம். நாங்க விட்டது இன்னும் ஏதாவது இருந்தா அதுலயே தெரிஞ்சுடும்.

மார்ச் 3க்கு முன்னாடி வந்த பில்லுல சந்தேகம் இருந்தாலும் கொண்டு வாங்க, பாத்து சொல்றோம். திங்கள்லேருந்து சனி வரைக்கும் மதியம் 2 மணிலேருந்து 5 மணி வரைக்கும் தரைதளத்துல பில்லிங் கவுன்டருக்கு பக்கத்து ரூம்ல நான் இருப்பேன், டோக்கன் எதுவும் வேண்டாம்.

நிர்வாக அதிகாரி