பலகாரக் கடை விளம்பரச் செலவு: 8,000 ரூபாய்க்குக் கணக்கு

அக்கா, கழனிவாசல் கடைக்கு விளம்பரத்துக்கென்று நாம் எடுத்துவைத்த 8,000 ரூபாயைத் தீபாவளி வரைக்கும் எப்படிச் செலவழிக்கலாம் என்று போட்டுப் பார்த்தேன். மாற்ற வேண்டியதை ஓரத்தில் எழுதிக் கொடுங்கள்.

போர்டுக்கு 2,000. தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை என்ற மூன்று பெயரும் போன் நம்பரும் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலும் தெரிந்தால் போதும். முக்கில் பிளக்ஸ் வேண்டாம். அதற்கு மாநகராட்சி அனுமதி, வாடகை என்று மொத்தக் காசும் போய்விடும்.

பெரிய தொகை ருசி பார்க்கக் கொடுக்கும் பொட்டலத்துக்கு. ஒன்றுக்கு 20 ரூபாய் அடக்கம், 120 பொட்டலம், 2,400. இதில் 70 பக்கத்துத் தெரு வீடுகளுக்கு. மீதி 50ஐ சமையல் மேஸ்திரிகளுக்கும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த வீட்டு ஆச்சிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி, பிள்ளையார் நோன்பு என்று வரும்போது பலகாரத்துக்கு யாரிடம் சொல்லலாம் என்று இவர்களைத்தான் கேட்பார்கள். கால் கிலோ வாங்குகிறவர் நூறு பேர் வந்தால் 25 கிலோ. ஒரு கல்யாணச் சீருக்கே அவ்வளவு போகும். பொட்டலத்தை நீங்களே கையில் கொடுங்கள், அக்கா. நான் கொடுத்தால் பக்குவம் பற்றிக் கேட்கிறதற்குப் பதில் சொல்லத் தெரியாது.

கொடுக்கும்போதே நம் நம்பரைப் போனில் பதியச் சொல்லிவிடுங்கள். நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல், கூகுள் மேப்பில் கடை, இரண்டும் இலவசம். நான் இந்த வாரமே போட்டுவிடுகிறேன்.

நோட்டீஸ் ஆயிரம் அடிக்க 1,100, பேப்பரில் வைத்துப் போட 400, ஆக 1,500. அடியில் வெட்டிக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் தள்ளுபடி. அந்தத் துண்டை எண்ணினால் எத்தனை பேர் நோட்டீஸ் பார்த்து வந்தார்கள் என்று தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு 600 மட்டும், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், காரைக்குடியைச் சுற்றி மட்டும் காட்டும்படி.

மீதி 1,500ஐத் தொடக் கூடாது. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வைப்போம். புதிதாக வருகிறவரிடம் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு, போர்டு, பொட்டலம், நோட்டீஸ், போன் என்று ஒரு கோடு போடுங்கள். அதே ஆள் திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. நோட்டீஸில் 15 பேர் வந்தால் ஆளுக்கு 100 ரூபாய் செலவு. பொட்டலத்தில் 40 பேர் வந்தால் 60தான். முப்பதாம் நாள் இரவு உட்கார்ந்து எண்ணுவோம். புள்ளி அதிகமுள்ள வழிக்கு அந்த 1,500ஐயும் கொடுத்துவிடலாம்.

போர்டுக்கு நாளைக்கே முன்பணம் 500 கொடுக்க வேண்டும். சரி என்றால் காலையில் எடுத்துவையுங்கள்.

தம்பி