ஆர்.ஏ.சி.

பொதிகை எழும்பூரை விட்டுக் கிளம்பியதும் சண்முகம் மறுபடி போனில் பி.என்.ஆர். பார்த்தார். மாறவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைடு லோயர்.

“பத்திரிகை வந்த அன்னிக்கே போடச் சொன்னேன்,” என்றாள் கோமதி. அத்தோடு சரி.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வீட்டில் இப்படி உட்காருவதே இல்லை. அவர் டிவி பக்கம், அவள் அடுப்படிப் பக்கம். இங்கே திரும்பிக்கொள்ள இடமில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்தாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறிய இட்லி. வாழையிலை வாசம் பிடித்து எதிர் சீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான்; அவனுக்கும் இரண்டு போயிற்று.

சாப்பிட்டதும் அவள் மெதுவாகக் காலை நீட்டினாள். பாதம் அவர் தொடையோரம் வந்து நின்றது. இரண்டாவது விரலைச் சுற்றி வெளுத்த தடம், அவ்வளவுதான்.

“மெட்டி எங்க?”

“கழட்டி ரெண்டு வருஷமாச்சு. ராத்திரியானா விரல் வீங்குது.”

“சொல்லவே இல்லையே?”

“எங்க வந்து சொல்ல? நீங்கதான் ஹால்ல படுக்கீங்களே.”

“என் குறட்டையில உனக்குத் தூக்கம் கெடுதுன்னுதான போனேன்.”

“நான் சொன்னேனா?”

யோசித்தார். சொன்னது மகள். லீவுக்கு வந்திருந்தபோது, “அப்பா, அம்மா பாவம்ப்பா” என்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரியே தலையணையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். நாலு வருஷம்.

“நான் டிவிக்காகத்தான் போறீங்கன்னு நினைச்சேன்,” என்றாள். “அந்தச் சத்தம் இல்லாம ஒரு மணிக்கு முழிப்பு வந்துரும். அப்புறம் விடியற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன்.”

“ஒரு மணிக்கு நானும் முழிச்சுத்தான் கிடப்பேன்.”

நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும்.

விழுப்புரத்தில் டி.டி.ஆர். வந்தார். “எஸ்-7ல ஒரு பெர்த் காலி. யாராவது ஒருத்தர் போய்ப் படுத்துக்கலாம்.”

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வேண்டாம் சார். அடுத்தவங்களுக்குக் குடுத்துருங்க,” என்றார் சண்முகம்.

டி.டி.ஆர். ஒருமாதிரி பார்த்தார். ஆர்.ஏ.சி.யில் இருந்துகொண்டு பெர்த்தை வேண்டாம் என்கிற ஆளை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கப் போகிறார்!

சாய்மானத்தை இறக்கிப் பலகையாக்கிப் போர்வையை விரித்தார்கள். நடு இணைப்பு இடுப்பில் குத்தியது. பாதத்தை மடியில் எடுத்து வைத்து, வீங்கிய விரலை அமுக்கிவிட்டார். திருச்சி எப்போது வந்தது, மதுரை எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, வலது பக்கம் மலை கறுப்பாக நின்றது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலையா?”

“எங்க தூங்க? நீ விட்ட குறட்டைக்கு.”

“நானா?”

“திண்டுக்கல்ல ஆரம்பிச்சது. வேணும்னா அந்தப் பையன்ட்ட கேளு.”